பாறைக்கு வந்த ஜுரம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பெண்மணிகளுக்குப் பூமி சாஸ்திரத்தில் ஒரு பாடம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். மார்கழி விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கையை வைத்தால் விரல் விறைத்துப் போகும். அப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்த நீரோ வெதுவெதுப்பாயிருக்கும். சித்திரை மாதத்து நடுப்பகலில் அதே கிணற்று நீர் ஜில்லென்றிருக்கும். கிணறு நமக்காக மார்கழியில் அடுப்பு மூட்டுவதுமில்லை, சித்திரையில் விசிறி எடுப்பதுமில்லை. அது எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறது. மாறுகிறவர்கள் நாமும் நம்மைச் சுற்றியுள்ள காற்றுமே.

வெயிலின் சூடு மண்ணுக்குள் மிக மெதுவாக இறங்குகிறது. அது நாலைந்து மீட்டர் இறங்குவதற்குள் மேலே பருவம் மாறி, குளிர் அதன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் கோடையும் குளிர்காலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. அங்கே வருஷம் முழுவதும் ஒரே உஷ்ணந்தான். சூரியனுடைய அதிகாரம் அந்த எல்லையோடு முடிந்தது.

அதற்குக் கீழே போனால் என்ன? இனிக் குளிர்ந்துகொண்டே போகும் என்றுதான் தோன்றும். ஆனால் நடப்பது நேர்மாறு. இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியப்பா. அவர் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தம் முதுகில் வழிந்த வியர்வையைக் கொண்டு சொன்னார்.

எங்கள் ஊரில் பலருக்குத் தோல் ஷாப்பில் வேலை. அது கிடைக்காதவர்களும், சுண்ணாம்புக் குழியின் நாற்றம் பிடிக்காதவர்களும் ஜோலார்பேட்டையில் ரயில் மாறி, பங்காருபேட்டை வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போன தமிழ் ஏழை ஜனங்களே. பெரியப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பல வருஷம் வேலை பார்த்தார். லீவில் வரும்போது, "அடே தம்பி, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்கும்? அங்கே பாறை அப்படி இருக்கும். இன்னும் கீழே போனால் அதற்கும் மேலே. பாறைக்கே ஜுரமடா!" என்பார்.

அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர், அதாவது பத்தாயிரத்து ஐந்நூறு அடி ஆழம் வரையில் போயிற்று. தங்கவயலில் மேல்மண்ணின் உஷ்ணம் 27 டிகிரி செல்ஸியஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழே இறங்க இறங்க, கிலோமீட்டருக்குச் சுமார் 11 அல்லது 12 டிகிரி வீதம் பாறையின் உஷ்ணம் ஏறுகிறது. ஒரு கிலோமீட்டர் எட்டுவதற்குள்ளேயே அது மனித உடலின் உஷ்ணமாகிய 37 டிகிரியைத் தாண்டிவிடும். அடித்தளத்தில் 65 டிகிரியை ஒட்டி நிற்கும்.

37 டிகிரி என்பது வெறும் எண்ணல்ல. அதுவரையில் நம் உடல் தன் சூட்டைச் சுற்றியுள்ள பாறைக்குக் கொடுக்கும். அதற்கு மேல் பாறை தன் சூட்டை நமக்குக் கொடுக்கத் தொடங்கும். அப்புறம் உடலுக்குள்ள ஒரே வழி வியர்வை காய்வதுதான். துளையிடும்போது தூசு அடங்குவதற்காக நீரைப் பீய்ச்சுவார்கள். அதனால் காற்று ஈரமாகிவிடும், வியர்வை காயாது. ஆகையால் ஆழச் சுரங்கத்தில் ஆளைக் கொல்லக்கூடியது வெறும் சூடல்ல, ஈரத்தோடு கூடிய சூடு. காற்றைக் குளிர்விக்கும் யந்திரங்களை வைத்துத்தான் அங்கே வேலை நடத்த முடிந்தது.

சுரங்கத்துக் காற்றின் சூட்டைக் கொண்டு பாறையின் சூட்டைக் கணிக்கலாமா என்றால், கூடாது. மேலேயிருந்து இறங்கும் காற்று, தன் மேலுள்ள காற்றின் கனத்தால் அழுந்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதைப் போல, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் அது தானே சூடாகிறது. கோலார்ப் பாறையின் விகிதமும் ஏறக்குறைய அதுவே என்பதால் ஏமாந்து போவது மிகவும் சுலபம்.

ஆகவே பாறையின் ஜுரத்தைப் பார்க்க, வைத்தியர் வாயில் வெப்பமானி வைப்பது போலப் பாறைக்குள்ளே ஆழமாகத் துளையிட்டு வைக்க வேண்டும். சுரங்கப் பாதையில் வீசும் காற்று பாறையின் முகத்தைக் குளிர்வித்திருக்கும். அந்தக் குளிர்ச்சி ஒரு வருஷத்தில் ஐந்தாறு மீட்டர் உள்ளே போய்விடும். நம் கிணற்றுக்கு மேலே கோடை இறங்குவதும் இதே மந்த நடையில்தான். எனவே புதிதாக வெட்டிய முகத்தில் துளையிடுவது நல்லது. துளையிட்ட சூடு ஆறும் வரையில் காத்திருக்கவும் வேண்டும். உள்ளே போகப் போக வெப்பமானி ஏறிக்கொண்டே இருந்தால், காற்றின் குளிர்ச்சியை இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தம். ஏறுவது நின்று, நாளைக்குப் பார்த்தாலும் அதே எண் வந்தால், அதுதான் பாறையின் சொந்த உஷ்ணம்.

"மேலே இருக்கிற மலையின் கனந்தான் பாறையைச் சுட வைக்கிறது" என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. கனம் அழுத்துவது உண்மை. ஆனால் அழுந்தும் நேரத்தில்தான் சூடு பிறக்கும். அழுந்தியபடியே கோடிக்கணக்கான வருஷம் கிடக்கும் பாறைக்கு அதனால் புதுச் சூடு ஏது? பம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்து பாருங்கள், சற்று நேரத்தில் ஆறிவிடும். உண்மையான காரணம், உள்ளேயிருந்து வெளியே சூடு இடைவிடாமல் கசிந்துகொண்டிருக்கிறது என்பதே.

அது எவ்வளவு? 1960-களில் ஹைதராபாத்திலுள்ள தேசிய பூபௌதிக ஆராய்ச்சிக் கழகத்தார் தங்கவயலில் இதை ஆராய்ந்தார்கள். உஷ்ணம் ஏறும் விகிதத்தைப் பாறை சூட்டைக் கடத்தும் திறத்தால் பெருக்கினால் கசியும் சூடு தெரியும். கோலாரில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 30 மில்லிவாட். ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொண்டால், மனை முழுவதிலிருந்தும் வெளிவரும் சூடு ஏழு வாட்டுக்குள் அடங்கும். படுக்கை அறையில் ஏற்றும் சிறு விளக்கு அளவுதான்! நடுப்பகல் வெயிலோ ஒரு சதுர மீட்டருக்கே ஆயிரம் வாட் கொட்டுகிறது.

இத்தனை சொற்பச் சூடு எப்படி 65 டிகிரியாயிற்று? கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடல் உண்டாக்கும் சூடு மாறுவதில்லை. ஆனால் ஒரு கம்பளிக்கு மேல் இன்னொன்றாகப் போர்த்திக்கொண்டே போனால் உள்ளே புழுக்கம் ஏறுகிறது. பாறை சூட்டை மிக மோசமாகக் கடத்தும் பொருள். ஒவ்வொரு கிலோமீட்டர் பாறையும் ஒரு கம்பளி. சூடு வெளியே வருவதற்கு ஒவ்வொரு கம்பளிக்கும் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது.

அந்தச் சூடு பிறக்கும் இடம் எது? பூமி உருவான காலத்துச் சூடு ஒரு பங்கு. அது இன்னும் ஆறி முடியவில்லை. 1862-ல் கெல்வின் பிரபு அது ஒன்றையே கணக்கில் கொண்டு, உஷ்ணம் ஏறும் விகிதத்திலிருந்து பூமியின் வயதைக் கணித்தார். விடை பத்துக் கோடி வருஷத்தை ஒட்டி வந்தது. கோலார்ப் பாறைக்கே சுமார் 270 கோடி வயது! கணக்கின் குறைகளில் ஒன்றை 1895-ல் ஜான் பெரி என்பவர் காட்டினார்: பூமியின் ஆழத்தில் பாறை மிக மெதுவாகப் புரண்டு புரண்டு சூட்டை மேலே கொண்டுவருகிறது. அடுத்த வருஷமே பெக்கரெல் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டார். 1903-ல் ரேடியம் ஓயாமல் சூட்டை வெளியிடுவது தெரிந்தது. 1906-ல் ஸ்ட்ரட் சாதாரணப் பாறைகளிலும் ரேடியம் இருப்பதை அளந்து காட்டினார். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் பாறைக்குள்ளே மெல்ல அழிந்துகொண்டு சூட்டை உண்டாக்குகின்றன. பக்கத்துக்கு நூறு மீட்டர் உள்ள ஒரு கிரானைட் பாறைக் குன்று முழுவதும் சேர்ந்து இரண்டு மூன்று வாட்தான் தரும். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் அடுக்கினால் அந்தத் துளிகள் சேர்ந்து பெருகுகின்றன.

இப்போது பெரியப்பாவின் ஜுரத்துக்கு வருவோம். உலகத்தின் நிலப்பரப்பில் பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏறுகிறது. அந்த விகிதம் கோலாரில் இருந்திருந்தால், 3.2 கிலோமீட்டரில் பாறை நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். அங்கே எந்தக் குளிர்யந்திரமும் ஆளை இறக்கியிருக்க முடியாது. கோலாரில் தங்கம் கிடக்கும் கருநிறப் பாறையில் அந்த மூன்று மூலகங்களும் கிரானைட்டைவிட மிகக் குறைவு. அதற்குக் கீழே ஆழத்திலிருந்து வரும் சூடும், இத்தகைய பழம்பெரும் நிலப்பகுதிகளில் கொஞ்சமே. அனலடித்ததாக எங்கள் பெரியவர் சொன்ன அந்தக் குழி, உண்மையில் உலகத்தின் மிகக் குளிர்ந்த பாறைகளில் ஒன்றிலே வெட்டியது! தென்னாப்பிரிக்காவில் நாலு கிலோமீட்டர் வரை சுரங்கம் போயிருப்பதும் அங்குள்ள பாறை இதைப் போலவே குளிர்ந்தது என்பதால்தான்.

ஆம்பூரில் இன்று ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோலார் விகிதத்தையே எடுத்துக்கொண்டால், அந்த அடியிலுள்ள நீர் பழைய திறந்த கிணற்று நீரைவிட மூன்றரை டிகிரி சூடாயிருக்க வேண்டும். குழாயில் முதலில் வருவது வெயிலில் கிடந்த நீர். அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு கை வைத்தால், மார்கழியில் மட்டுமல்லாமல் ஐப்பசியிலும் வெதுவெதுப்புத் தெரியும்.

கோலாரில் தங்கம் எடுப்பது 2001-ல் நின்றுவிட்டது. காற்று யந்திரங்கள் நின்றன. குழிகளில் நீர் ஏறிற்று. காற்று குளிர்வித்து வைத்த பாறை முகங்கள், அந்தப் பழைய மந்த நடையில் தங்கள் சொந்த உஷ்ணத்துக்குத் திரும்பத் தொடங்கின. அங்கே இறங்கி வேலை செய்த மனிதர்களுக்குத்தான் அந்தக் குளிர்ந்த பாறை இறுதிவரை ஜுரமாகவே இருந்தது.