சாய்ந்த படமும் சாயாத முக்கோணமும்

போடிநாயக்கனூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் போனுக்கு, தேர்வு நெருங்கினால் இரவு எட்டு மணிக்கு மேல் படங்கள் வரத் தொடங்கும். ‘உயரங்களும் தொலைவுகளும்’ பாடம் என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான்: நோட்டைச் சாய்த்துப் பிடித்து எடுத்ததில் கோபுரம் ஒரு பக்கம் சரிந்திருக்கும், செங்கோணம் செங்கோணமாகவே இராது. 60° என்று எழுதியிருக்கும் இடத்தில் கோணமானியை வைத்தால் வேறு அளவு காட்டும். அதனால் அவர் முதலில் சொல்வது, “படத்தை அளக்காதே, திரும்ப வரை.”

ஒரு மாணவி அனுப்பிய கணக்கு இது. சமதரையில் ஒரு கோபுரம். ஓரிடத்திலிருந்து உச்சியின் ஏற்றக்கோணம் 30°. கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்தபின் 60°. அவள் tan 30° = h/40 என்று போட்டு, 23.1 மீட்டர் என்று முடித்திருந்தாள்.

ஆசிரியர் விடையைத் திருத்தவில்லை. பெயர் வைக்கச் சொன்னார். உச்சி A, அடி B, கிட்ட உள்ள இடம் C, தொலைவில் உள்ளது D. இப்போது 40 மீட்டர் எது? CD. அது எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் பக்கமில்லை. ABD-யின் அடுத்துள்ள பக்கம் முழு DB. பெயரில்லாத படத்தில் 40 என்ற எண் அடிக்கோட்டின் நடுவே உட்கார்ந்து, முழு நீளமும் தானே என்று ஏமாற்றிவிடுகிறது.

BC = x என்றால் ABC-யில் h = √3 x. ABD-யில் x + 40 = √3 h, அதாவது 3x. எனவே x = 20, h = 20√3, ஏறத்தாழ 34.64 மீட்டர். சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு, அவருக்கு அதுதான் பிடிக்கும்: C-யில் வெளிக்கோணம் 60°, D-யில் 30°, ஆகவே ∠DAC-யும் 30°. AC = CD = 40. அதை sin 60°-ஆல் பெருக்கினால் அதே 34.64.

ஆனால் பக்கத்து மலைச்சரிவில் உள்ள குரங்கணிக்குப் போனால் ‘சமதரை’ என்ற சொல்லே தடுக்கும். ஏலத்தோட்டத்து நிழல்மரத்தின் உயரம் பார்க்க, சரிவில் நாடாவை இழுத்து 40 மீட்டர் அளந்தால், சரிவு 15° இருக்கும்போது கிடைத்தூரம் 38.6 மீட்டர்தான், கூடவே தரை 10 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கும். முதல் குறையைவிட இரண்டாவதுதான் கணக்கைக் கெடுக்கும், ஏனெனில் கண்ணின் கிடைக்கோடு மரத்தின் அடியைத் தொடாது.

அங்கே இரண்டு கோணம் எடுக்க வேண்டும், உச்சிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. கிடைத்தூரம் 20 மீட்டர், உச்சி 50°, அடி 15° என்றால் இரண்டு செங்கோண முக்கோணங்களுக்கும் அடுத்துள்ள பக்கம் ஒன்றே. 20 × (1.192 − 0.268), சுமார் 18.5 மீட்டர். மரத்துக்கு மேல்புறம் நின்று பார்த்து, அடி கண்மட்டத்துக்குக் கீழே தெரிந்தால் அது இறக்கக்கோணம். கழிக்காமல் கூட்ட வேண்டும்.