கூட்டுத்தொகை சரி, பங்கு தவறு



வாரிசுகளின் விவரத்தைக் கொடுத்தால் பாகப்பிரிவினையைக் கணக்கிட்டுத் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை இளைஞர்கள் சிலர் உருவாக்கினார்கள். நாம் மதரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்துவதால், வெளியிடுமுன் அது நம் பார்வைக்கு வந்தது. பல உதாரணங்களைக் கொண்டு சோதித்துவிட்டதாகவும், அனைத்திலும் விடை சரியாக இருந்ததாகவும் அவர்கள் கூறினார்கள். அவர்கள் கூறியது உண்மையே. ஆயினும் செயலியில் பெரும் பிழை ஒன்று இருந்தது.

மகன் இல்லாதபோது, மற்றவர்களின் பங்குகள் போக மீதியைத் தந்தைக்குக் கொடுக்குமாறு செயலி எழுதப்பட்டிருந்தது. மார்க்கச் சட்டமோ வேறு. மகன் இன்றி மகள்கள் மட்டும் இருந்தால், தந்தைக்கு ஆறில் ஒன்று நிச்சயம் உண்டு. அதன் பிறகும் மீதி இருந்தால் அதுவும் அவருக்கே சேரும்.

இளைஞர்களின் உதாரணங்கள் பெரும்பாலானவற்றில் மகன் இருந்தான். அங்கே இப்பிழைக்கு இடமே இல்லை. மகன் இல்லாத உதாரணங்கள் இரண்டு இருந்தன. முதலாவதில் மனைவி, ஒரு மகள், தாய், தந்தை. சொத்து 24 லட்சம். மனைவிக்கு 3, மகளுக்கு 12, தாய்க்கு 4, தந்தைக்கு மீதி 5 லட்சம் என்று செயலி சொன்னது. அது சரியான விடை. இரண்டாவதில் இரு மகள்கள், தாய், தந்தை. மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு மீதி 4. அதுவும் சரி. தவறான விதியும் சரியான விதியும் இவ்விடங்களில் ஒரே விடையைத் தருகின்றன.

இப்போது மனைவியையும் இரு மகள்களையும் பெற்றோரையும் ஒன்றாக வையுங்கள். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, மீண்டும் ஆறில் ஒன்று. பகுதி எண் 24 எனில் பங்குகள் 3, 16, 4, 4, கூட்டினால் 27. பங்குகள் சொத்தை மீறுவதால், பகுதி எண்ணை 27 ஆக உயர்த்தி, அனைவரின் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். இதையே ஃபராயிளில் ‘அவ்ல்’ என்கிறோம். சொத்து 27 லட்சமானால் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தந்தைக்கு 4 லட்சம் சேர வேண்டும். செயலியோ மனைவிக்கு 3,37,500, மகள்களுக்கு 18,00,000, தாய்க்கு 4,50,000, தந்தைக்கு 1,12,500 ரூபாய் என்று காட்டியது. கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாக 27 லட்சம் வரும். கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்ப்பவர் நிம்மதியாக அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுவார். தந்தையோ தம் உரிமையில் ஏறத்தாழ முக்கால் பங்கை இழந்திருப்பார்.

இங்கே அக்கறைக்குக் குறைவில்லை. நாம் நம்புவதை மெய்ப்பிக்கும் சான்றையே தேடும் மனப்போக்கு குறுக்கே நிற்கிறது. பீட்டர் வாசன் என்னும் உளவியலாளர் 1960இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. 2, 4, 6 என்னும் எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. வேறு எண்களைச் சொல்லி அவ்விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் இவ்விரண்டாக ஏறும் எண்கள் என்று எண்ணி 8, 10, 12 போன்றவற்றையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ‘பொருந்துகிறது’ என்ற பதிலே கிடைத்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 3 என்று கேட்டிருந்தால் தம் எண்ணம் தவறென்று உடனே அறிந்திருப்பார்கள்.

இரண்டாவது கண்ணி, விடையை முதலில் பார்ப்பது. திரையில் ஓர் எண்ணைக் கண்ட பிறகு கணக்கிட அமர்ந்தால், அதற்கு நியாயம் தேடவே மனம் முந்துகிறது. தந்தையின் 1,12,500 ரூபாயைக் கண்டவர், “அவருக்கு மீதிதானே” என்று தமக்குத்தாமே விளக்கம் சொல்லிக்கொள்வார்.

ஆகவே அந்த இளைஞர்களுக்கு நாம் மூன்று பழக்கங்களைச் சொன்னோம். முதலாவது, செயலியைத் திறக்குமுன் ஒவ்வொரு வாரிசின் பங்கையும் கையால் கணக்கிட்டு எழுதிவிட வேண்டும். கைக்கணக்கிலும் பிழை வரலாம் என்பதால், இருவர் தனித்தனியே செய்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் உதாரணத்தின் அருகிலும், “செயலி எந்த விதத்தில் தவறாக இருந்தால் இது காட்டிக்கொடுக்கும்?” என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். விடை எழுத முடியாத உதாரணம், எண்ணிக்கையைக் கூட்டுமே தவிரப் பிழையைக் காட்டாது. மூன்றாவது, தனித்தனியே தேறிய நிலைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனைவி இருக்கும் நிலையும், இரு மகள்கள் இருக்கும் நிலையும் தனித்தனியே தேறின. சேர்ந்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. இத்தகைய உதாரணங்களைச் செயலியை எழுதாத ஒருவர் தேர்ந்தெடுப்பது நல்லது. எழுதியவர், எழுதும்போது நினைத்த நிலைகளையே சோதிக்கும்போதும் நினைப்பார்.

இவற்றைச் செய்தாலும், செயலி முற்றிலும் பிழையற்றது என்று சொல்லிவிட முடியாது. நாம் தேடிய இடங்களில் பிழை அகப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். எனவே திரையில் விடைக்குக் கீழே, பிரிவினைக்கு முன் ஓர் ஆலிமிடம் காட்டிச் சரிபார்க்குமாறு ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். சேர்த்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.