மடித்த தாளும் மந்திரத் தாயத்தும்

மேடை! இரண்டே எழுத்து. ஆனால் அந்த இரண்டெழுத்தைக் கேட்ட மாத்திரத்தில் நமது நா வறண்டது, நெஞ்சு படபடத்தது, முழங்கால் மூட்டு தன் கடமையை மறந்தது. ஏதோ பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது நேர்ந்ததல்ல இது. கலைக் கல்லூரியில் வரலாறு பயின்று பட்டமும் பெற்று, பள்ளி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்த பின்னரும் இதே நிலைதான்.

தொடக்கம் கல்லூரியில். மன்ற விழாவில் நன்றியுரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்துப் பெயர்கள், பத்து நன்றிகள், அவ்வளவே வேலை. எழுந்தோம், ஒலிபெருக்கியின் முன் நின்றோம். நான்காவது பெயரோடு நினைவு நின்றது. "அனைவருக்கும் நன்றி" என்று முணுமுணுத்துவிட்டு அமர்ந்தோம். பின் வரிசையில் எவரோ சிரித்தார்கள். நம்மைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்பதை இன்றளவும் நாம் அறியோம். அன்று அறிந்ததாகவே எண்ணினோம்.

அதன் பின்னர் மூன்றாண்டுகள் நாம் நடத்தியது தப்பித்தல் கலை! பேச அழைத்தால் தொண்டை வலி. வற்புறுத்தினால் ஊரில் உறவினர் திருமணம். தேதியை மாற்றி அழைத்தால் அன்றும் ஒரு திருமணம்! இப்படி ஒவ்வொரு முறை நழுவியபோதும் உள்ளத்தில் ஒரு நிம்மதி பிறந்தது. அந்த நிம்மதிதான் அச்சத்துக்கு நாம் அளித்து வந்த கூலி என்பதை அப்போது உணரவில்லை. ஓடினால் நிம்மதி கிடைக்கிறது. ஆகவே அடுத்த முறையும் உள்ளம் ஓடச் சொல்கிறது. நேர்ந்துவிடும் என்று அஞ்சிய கேடு உண்மையிலேயே நேருமா என்று பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் கிடைப்பதே இல்லை.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் நாற்பது மாணவர்கள் முன் முக்கால் மணி நேரம் தங்குதடையின்றிப் பேசினோம். ஆனால் ஒரு நாள் கல்வி அலுவலர் வந்து கடைசிப் பலகையில் அமர்ந்தார். அதே பாடம், அதே மாணவர்கள், அதே கரும்பலகை. கையிலிருந்த சுண்ணக்கட்டி நடுங்கியது! பேச்சா நம்மை அச்சுறுத்தியது? இல்லை. மதிப்பெண் போடும் கண்கள்!

இதை நாம் சொல்லி வருந்தியது உளவியல் பயின்ற அண்ணன் ஒருவரிடம். நமது படிப்பகத்துக்கு நாளும் வருபவர். "தம்பி, துணிவு வந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறாய். அது வராது. பேசிப் பேசித்தான் அச்சம் தேயும். ஆனால் ஒரே தாவலில் மாடிக்குப் போக வேண்டியதில்லை, படி இருக்கிறது" என்றார்.

அந்தப் படிக்கும் வரலாறு உண்டு. 1924ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, முயலைக் கண்டு அலறிய சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். மூன்று வயது நிரம்பாத அந்தக் குழந்தை விரும்பி உண்ணும் வேளையில் முயலைத் தொலைவிலே வைத்தார். நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அந்த முயல் தன் விரலைக் கொறிக்கவும் இடங்கொடுத்தான் சிறுவன். பின்னர் ஜோசப் வோல்ப்பி என்ற மருத்துவர் 1958இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு முறையாகவே வகுத்தார். அஞ்சும் சூழல்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துவது; கீழிருந்து ஏறுவது. ஒவ்வொன்றும் எழுப்பும் அச்சத்துக்குச் சுழியத்திலிருந்து நூறு வரை எண் கொடுக்கும் வழக்கம் பின்னர் வந்தது. அவர் உடலைத் தளர்த்திக்கொண்டு கற்பனையிலே ஏறச் சொன்னார். பின்வந்தவர்கள் நேரிலேயே ஏறச் செய்தார்கள்.

அண்ணன் நம்மிடம் ஒரு பள்ளிக் குறிப்பேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். அறைக்குள் தனியே இரண்டு நிமிடம் பேசி, அதைக் கைபேசியில் பதிந்து கேட்பது: 20. தேநீர்க் கடையில் இரு நண்பர்களுக்கு ஒரு செய்தியை விரித்துரைப்பது: 30. படிப்பகக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பது: 45. ஆசிரியர் அறையில் ஆறு பேர் முன் இரண்டு நிமிடம்: 60. படிப்பகத்தில் இருபது பேர் முன் ஐந்து நிமிடம் ஒரு நூலைப் பற்றி: 75. ஒலிபெருக்கியின் முன் நன்றியுரை: 85. தெருமுனைக் கூட்டத்தில் கால் மணி நேரம்: 95. எண்கள் நமது எண்கள். உங்கள் பட்டியலில் தேநீர்க் கடையே எண்பதாக இருக்கலாம். வெட்கப்பட ஏதுமில்லை.

கீழ்ப்படிகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். பதிந்த குரலைக் கேட்டபோது, இது யார் குரல் என்று திகைத்தோம். மூன்றாம் நாள் பழகிப்போயிற்று. கேள்வி கேட்கும் படியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. கையை உயர்த்தவே இயலவில்லை. அண்ணன் அந்தப் படியை இரண்டாக வெட்டினார். முதல் வாரம் அமர்ந்தபடியே கேட்பது, மறு வாரம் எழுந்து கேட்பது. படி எட்டாவிட்டால் காலைக் குறை சொல்லாமல், இடையில் ஒரு கல்லைப் போடுவதுதான் வழி. ஆசிரியர் அறைப் படியை ஒரே வாரத்தில் நான்கு நாட்கள் செய்தோம். 60, 50, 35, 25 என்று இறங்கிற்று. திங்களுக்கு ஒரு முறை செய்திருந்தால் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகவே இருந்திருக்கும்.

பிறகுதான் வந்தது படிப்பகம். முதல் வாரம் 75. இரண்டாம் வாரம் 75. மூன்றாம் வாரம் 70. நான்காம் வாரம் மீண்டும் 75! பேசத்தான் செய்தோம், ஐந்து நிமிடமும் நின்றோம், கை தட்டினார்கள் கூட. ஆயினும் அச்சம் இம்மியும் அசையவில்லை. முறையே பொய்யோ என்று ஐயுற்றோம்.

அண்ணன் கேட்டார்: "பேசும்போது இடக்கை எங்கே இருந்தது?"

சட்டைப் பையில்.

"பையில் என்ன?"

பேச்சு முழுவதும் எழுதி நான்காக மடித்த தாள்.

"அதைப் பார்த்தாயா?"

ஒரு முறையும் பார்க்கவில்லை. ஆனால் விடாமல் பற்றியிருந்தோம். அதுமட்டுமா? கண்களைச் சுவர்க் கடிகாரத்தில் நட்டிருந்தோம். நண்பர் ஒருவரை முன் வரிசையில் அமர்த்தித் தலையாட்டச் சொல்லியிருந்தோம். மூச்சு விடவும் நிறுத்தாமல் ஓட்டமாய் ஓடியிருந்தோம், நிறுத்தினால் சொல் மறந்துவிடும் என்று.

"நன்றாகத்தானே முடிந்தது, யாரால்?" என்றார்.

"தாள் இருந்ததால் தப்பித்தோம்" என்று நம் வாயிலிருந்தே வந்தது. வந்த மறுகணம் நாணித் தலைகுனிந்தோம். நம் பாட்டி, இடுப்பில் கட்டிய தாயத்தால்தான் காய்ச்சல் தணிந்தது என்பாள். "தாயத்தைக் கழற்றிப் பார்த்ததுண்டா பாட்டி?" என்று எத்தனை முறை எள்ளி நகையாடியிருக்கிறோம்! பகுத்தறிவு பேசிய நமது சட்டைப் பையிலேயே ஒரு தாயத்து. தாள் இருக்கும் வரையில் வெற்றியெல்லாம் தாளின் கணக்கில் ஏறுகிறது. 'தாள் இல்லையேல் அழிவு' என்ற நம்பிக்கை மட்டும் தொடப்படாமல் கிடக்கிறது. குறிப்பு வைத்துப் பேசுவது குற்றமன்று. குறிப்பில்லாமல் செத்துவிடுவோம் என்று நம்பி வைத்திருப்பதே நோய்.

ஆகவே ஐந்தாம் வாரம் வேறு வகையாகச் சென்றோம். 'அச்சம் குறைகிறதா' என்று பார்ப்பதை விட்டு, 'அஞ்சியது நடக்கிறதா' என்று பார்ப்பது. அண்மைக் கால ஆய்வாளர்களும் இதையே வற்புறுத்துகிறார்கள். பேசும்போதே படபடப்பு தணிந்தாக வேண்டுமென்பதில்லை. எதிர்பார்த்த கேடு வரவில்லை என்று உள்ளம் கண்டுகொள்வதே பாடம். புறப்படுமுன் குறிப்பேட்டில் எழுதினோம்: "இடையில் சொல் நின்றுவிடும். ஒரு நிமிடமாவது ஊமையாக நிற்போம். சிரிப்பார்கள். கை நடுங்குவதை அனைவரும் காண்பார்கள்." தாளை வீட்டு மேசை மீது வைத்தோம். தலையாட்டும் நண்பரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். அண்ணன் கையில் கடிகாரம்.

மூன்றாம் நிமிடத்தில் சொல் நின்றது! ஆம், எழுதியபடியே நின்றது. காதில் இரைச்சல். எவரோ ஒரு முதியவர் இருமினார். ஒருவர் விசிறியை நோக்கினார். பிறகு விட்ட இடம் நினைவுக்கு வந்தது, தொடர்ந்தோம், முடித்தோம்.

"எவ்வளவு நேரம் நின்றேன்?" என்று கேட்டோம்.

"நான்கு நொடி."

நமக்கோ ஒரு யுகம்! சிரித்தவர் எவருமில்லை. கை நடுங்கியதைக் கண்டீர்களா என்று ஐவரிடம் கேட்டோம். நால்வர் இல்லை என்றனர். ஒருவர், "கை அசைத்துப் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். பேசுபவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்குக் கேட்பவர் கண்ணில் அது படுவதில்லை என்று சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003இல் ஆய்ந்து காட்டியிருப்பதைப் பின்னர்தான் படித்தோம்.

அடுத்த வாரம் வேண்டுமென்றே பேச்சின் நடுவே பத்து நொடி நிறுத்தினோம். அவையோர் ஏதோ ஆழ்ந்த கருத்து வரப்போகிறதென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்! அன்று குறிப்பேட்டில் 45. அதற்கடுத்த வாரம் 30.

அவசரத்தில் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 30 கண்ட மகிழ்ச்சியில் நேரே தெருமுனைக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தோம். நமது முறை வருமுன்னரே எழுந்து, பின்புறமாக நழுவி வீட்டுக்கு வந்துவிட்டோம். அச்சம் உச்சியில் இருக்கும்போது ஓடுவது பழைய கூலியை வட்டியோடு கொடுப்பது. அதன் பிறகு படிப்பகத்தின் 30 மீண்டும் 50 ஆயிற்று. இரண்டு வாரம் பிடித்தது பழைய இடத்துக்கு வர. கோடை விடுமுறையில் பேசாதிருந்து ஜூனில் திரும்பியபோதும் அச்சம் சற்றுத் தலைதூக்கியது. அது தோல்வியன்று, பழக்கம் விட்டதன் விளைவு என்று அறிந்திருந்ததால் இரண்டே பேச்சில் அடங்கியது. ஆனால் மேடையில் மட்டுமன்றி மனிதரைக் கண்டாலே அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்குவோரும், பேசுமுன் மது நாடுவோரும் குறிப்பேட்டை மட்டும் நம்ப வேண்டாம்; மனநல மருத்துவரிடம் செல்க.

சென்ற திங்கள் நமது பள்ளி ஆண்டு விழா. நன்றியுரை யாருக்கு என்றார் தலைமையாசிரியர். நாமே கை தூக்கினோம். குறிப்பேட்டில் எழுதியது 70. பத்துப் பெயர், தாளில்லை. ஏழாவது பெயரில் நின்றோம், நின்றபடியே அவையைப் பார்த்தோம், வந்தது. முடித்து இறங்கியபோது கால் சற்று நடுங்கியது உண்மை. அப்போது ஒலிபெருக்கி அமைத்தவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே அருகில் வந்தார்.

"எல்லார் பேரும் சொன்னீங்க சார், என் பேரை விட்டுட்டீங்களே!"

சிரித்து, மன்னிப்புக் கேட்டு, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். வரும் ஞாயிறு தெருமுனைக் கூட்டத்துக்கும் அவர்தான் ஒலிபெருக்கி. பத்து நிமிடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். கால் மணிக்கு அல்ல. இடையில் ஒரு கல் போட்டிருக்கிறோம்.