நாங்கள் எழுதிய ‘நான்’: இரு செவிலியரின் விண்ணப்பக் கடிதம்



நாங்கள் குலசேகரன்பட்டினத்தைச் சேர்ந்த உடன்பிறந்த சகோதரியர் இருவர். மூத்தவர் பதினொரு ஆண்டுகளாகவும் இளையவர் ஒன்பது ஆண்டுகளாகவும் ஒரே மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி வருகிறோம். எங்கள் கடற்கரையில் ஆண்கள் கொழும்புக்குச் சபர் போவது பாட்டனார் காலத்திலிருந்தே பழகிய செய்தி. பெண்கள் கடல் கடக்க விண்ணப்பிப்பது இப்போதுதான் பழகி வருகிறது. பிரிட்டனுக்குச் செல்ல நாங்கள் எழுத வேண்டியிருந்த ஒரு பக்கத் தன்விளக்கக் கடிதம் எங்களை எப்படிச் சோதித்தது என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு. அந்நாட்டில் செவிலியரைப் பதிவு செய்யும் மன்றம் கேட்பவை சான்றுகளும் தேர்வுகளுமே. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். பின்னர் கணினியில் ஒரு தேர்வு. அதில் மருந்தளவுக் கணக்கு ஒரு பகுதி, செவிலியம் மற்றொரு பகுதி. இறுதியாக அந்நாட்டிலேயே பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு. தன்விளக்கக் கடிதத்தைக் கேட்பது வேலை தரும் மருத்துவமனை. சான்றிதழில் தெரியாத ஒன்றை, அதாவது நோயாளியின் அருகில் நிற்கும்போது நாம் எப்படிச் சிந்திக்கிறோம் என்பதை, அவர்கள் இக்கடிதத்தில் தேடுகிறார்கள்.

எங்களுக்கு அறிமுகமான முகவர் ஒருவர், எழுதும் சிரமமே வேண்டாமென்று ஆளுக்கொரு கடிதம் ஆயத்தமாக அனுப்பினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பெயரைத் தவிர ஓர் எழுத்தும் மாறவில்லை. சிறு வயது முதலே பிரிட்டனில் பணிபுரியும் கனவு எங்களுக்கு இருந்ததாம். வென்டிலேட்டர் நோயாளிகளைத் தனித்துக் கவனிப்பதில் வல்லவர்களாம். நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம்கூடப் பணிபுரிந்ததில்லை. இதற்கு அவர் தொகையும் கேட்டார். வேலை பெற்றுத் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

உம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொய்யைச் சொல்லி வாங்கின வேலையில வர்ற சம்பளத்தில எது ஹலால்னு பிரிச்சு எனக்கு அனுப்புவீங்க?” என்றார்கள். அக்கடிதங்களை அன்றே அழித்தோம்.

பிறகு நாங்களே எழுத அமர்ந்தோம். முதல் வரைவில் ‘நாங்கள் கவனித்தோம்’, ‘நாங்கள் காப்பாற்றினோம்’ என்றே எல்லா வரியும் முடிந்தன. ஒரே பிரிவில் பணிபுரிவோருக்கு அது இயல்பு. ஆனால் வாசிப்பவருக்கு யார் என்ன செய்தார் என்பது விளங்காது. ஆகவே இருவரும் உடனிருந்த ஒரு நிகழ்வை எடுத்து, அவரவர் செய்ததை மட்டும் பிரித்தெழுத முற்பட்டோம்.

அது ஒரு ரமலான் மாதம். அறுபது வயது கடந்த, நீரிழிவும் உள்ள பெரியவர் ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். கூடுதல் நீர் வடிந்த நிலையில் அவருக்கு இருக்க வேண்டிய எடை, நாங்கள் உலர் எடை என்று சொல்வது, 58 கிலோ. அன்று அவர் 61.6 கிலோ இருந்தார். இஃப்தாரில் நோன்புக் கஞ்சியும் சர்பத்தும் தண்ணீரும் மனம்போல அருந்தியிருந்தார். சிறுநீர் வற்றிப்போன உடலில் அத்தனையும் தங்கிவிட்டது. நான்கு மணி நேரத்தில் 3.6 லிட்டர் நீரை எடுப்பதாக இயந்திரத்தில் அமைத்தோம்.

இரண்டரை மணி நேரம் கழிந்தபோது அவர் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டார். நெற்றி வியர்த்தது, கெண்டைக்கால் இழுத்தது. இரத்த அழுத்தம் இறங்கப் போவதற்கு இவை முன்னறிகுறிகள். அருகிலிருந்த இளையவர் கருவி எச்சரிக்கும்வரை காத்திராமல் உடனே அழுத்தத்தை அளந்தார். தொடக்கத்தில் 150/90 ஆக இருந்தது 88/50 ஆகிவிட்டிருந்தது. நீர் எடுப்பதை நிறுத்தினார், தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கால்களை உயர்த்தினார். மூத்தவர் பிரிவின் நிலையான ஆணைப்படி 200 மில்லி சலைன் செலுத்தி, சர்க்கரை அளவையும் சோதித்து, பணியிலிருந்த மருத்துவரை அழைத்தார். சர்க்கரை குறையவில்லை. பத்து நிமிடத்தில் அழுத்தம் 112/70க்கு ஏறியது.

இத்துடன் கடிதத்தை முடித்திருந்தால் நாங்கள் திறமைசாலிகளாகத் தோன்றியிருப்போம். ஆனால் அன்றிரவு ஒரு கணக்குப் போட்டோம். 3600 மில்லியை நான்கால் வகுத்தால் மணிக்கு 900 மில்லி. அதை 58ஆல் வகுத்தால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்குப் பதினைந்தரை மில்லி. 13ஐத் தாண்டினால் இதயத்துக்கு இடர் கூடும் என்பது எங்கள் துறையில் அறிந்த அளவு. இரத்தத்திலிருந்து நாம் நீரை இழுக்கும் வேகத்துக்குத் திசுக்களிலிருந்து நீர் வந்து நிரப்ப இயலாதபோதுதான் அழுத்தம் சரிகிறது. இந்தக் கணக்கைத் தொடங்குமுன்பே போட்டு மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் இருவருமே போடவில்லை.

மறுநாள் மூத்தவர் இதை மருத்துவரிடம் எடுத்துரைத்தார். அதே அளவு நீரை ஐந்து மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 720 மில்லி, அதாவது கிலோவுக்குச் சுமார் பன்னிரண்டரை. எடை மிகுந்து வருவோருக்கு நேரத்தை நீட்டிக்க மருத்துவர் இசைந்தார். இளையவர் அப்பெரியவரின் மருமகளோடு பேசினார். கஞ்சியைச் சிறு கிண்ணத்தில் அளந்து கொடுக்கவும், பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் மிகுதி என்பதால் ஒன்றோடு நிறுத்தவும் சொன்னார். நோன்பு நோற்பதா என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுமாறும் கேட்டுக்கொண்டார்.

இக்குறையையும் கடிதத்தில் எழுதினோம். எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கியது உண்மை. எனினும் அந்நாட்டுச் செவிலியர் நெறிக்கோவை, தம் தகுதியின் எல்லையறிந்து பணிபுரிவதையும் தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்வதையும் கடமையாக வைக்கிறது. நமக்கோ அது அமானிதம். எங்களுக்குத் தெரியாததையும் ஒரு வரியில் சேர்த்தோம்: வயிற்றுறை வழி டயாலிசிஸில் எங்களுக்கு அனுபவமில்லை, கற்க வேண்டும்.

எஞ்சியது, ஏன் போகிறோம் என்ற கேள்வி. வாப்பாவின் சிகிச்சைக்காக அடகு வைத்த நகைகள் இன்னும் மீளவில்லை. இங்கு பெறும் ஊதியத்தில் அவை மீள்வதும் கடினம். அதை ஒரே வாக்கியத்தில், வெட்கமோ முறையீடோ இன்றி எழுதினோம். மற்றொரு காரணத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தோம். எங்கள் ஊரிலிருந்து வருவோர் வாரம் மூன்று முறை பேருந்தேறி வந்து, சோர்ந்து திரும்புகிறார்கள். பிரிட்டனில் பயிற்சி பெற்ற நோயாளிகள் பலர் தம் வீட்டிலேயே இயந்திரம் வைத்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். அப்பயிற்சியை எப்படி அளிக்கிறார்கள் என்பதைக் கற்பதே எங்கள் விருப்பம்.

கடிதங்கள் போய்விட்டன. இளையவர் எழுதுதலில் 6 மட்டுமே பெற்றதால் மீண்டும் தேர்வெழுதுகிறார். மூத்தவர் முதலில் போக நேர்ந்தால், உம்மாவின் அருகில் இளையவர் இருப்பார். இருவரும் போன பின் யார் இருப்பார் என்பதற்கு எங்களிடம் இன்னும் விடையில்லை. அதைத்தான் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.