சேர் ஏன் படுத்துக் கிடக்கிறார்?

போன கிழமை நடந்த நினைவுக் கூட்டத்தில் எங்கள் விஞ்ஞான சேரின் இரண்டு வீடியோக்களைப் போட்டுக் காட்டினோம். கூட்டம் முடிந்ததிலிருந்து நிறையப் பேர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "என்ட போனிலயும் ஒரு வீடியோ சரிஞ்சு கிடக்கு, அத எப்படி நிரந்தரமா நிமிர்த்துறது?" ஆளுக்காள் பதில் எழுத முடியவில்லை. ஆகவே நடந்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வீடியோ சேர் ஓய்வுபெறுவதற்கு முந்திய கடைசி வகுப்பு. தரம் 7, செவ்வரத்தம் பூவைப் பிளந்து சூலகத்தைக் காட்டுகிறார். 11 நிமிடம். எடுத்தது நான். இரண்டாவது, அதே நாள் பின்னேரம் விறாந்தையில் நின்று பிள்ளைகளுக்கு அவர் சொன்ன நாலு வார்த்தை. 4 நிமிடம். அதை இன்னொரு டீச்சர் தன் போனை நெடுக்காகப் பிடித்து எடுத்திருந்தார். சேரின் குரல் இருக்கும் வீடியோ என்று குடும்பத்திடம் இருப்பது இவை இரண்டும்தான்.

சேர் வபாத்தான பிறகு ஒருநாள் மாமியிடம் லெப்டொப்பைக் கொண்டுபோய் முதல் வீடியோவைக் காட்டினேன். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மகன், சேர் ஏன் படுத்துக் கிடக்கார்?" என்று கேட்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கரும்பலகை, மேசை, சேர் எல்லாம் பக்கவாட்டில் கிடந்தன. இரண்டாவது வீடியோ மட்டும் நேராக ஓடியது.

கூட்டத்துக்கு முதல்நாள் மண்டபத்து டீவியில் பென்டிரைவைப் போட்டுப் பரிசோதித்தோம். அங்கே கதை தலைகீழ். லெப்டொப்பில் படுத்திருந்த சேர் டீவியில் எழுந்து நின்று பாடம் நடத்துகிறார். லெப்டொப்பில் நின்றவர் டீவியில் படுத்துவிட்டார்! பென்டிரைவ் பழுது என்று ஒருவர் சொன்னார், டீவி பழுது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே இல்லை. உண்மையில் அந்தத் தலைகீழ்தான் எனக்கு விசயத்தை விளங்கப்படுத்தியது.

போனின் கெமராவுக்குள் இருக்கும் சென்சர் அகலவாக்கில் பொருத்தப்பட்டது. நீங்கள் போனை நெடுக்காகப் பிடித்தாலும் குறுக்காகப் பிடித்தாலும் அது பதிவது 1920 அகலம், 1080 உயரம் என்ற அதே குறுக்குப் படத்தைத்தான். நெடுக்காகப் பிடித்தால் ஆள் அந்தப் படத்துக்குள் படுத்துத்தான் இருப்பார். போன் அதைத் திருப்பி எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக பைலின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பை வைக்கிறது: "காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு." பெட்டியின் மேல் "இந்தப் பக்கம் மேலே" என்று ஒட்டும் சீட்டு மாதிரி. சீட்டைப் படித்துத் திருப்புவது வீடியோவை ஓட்டுபவரின் வேலை. போனும் லெப்டொப்பும் படிக்கின்றன. எங்கள் மண்டபத்து டீவி படிப்பதில்லை, உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது.

இனி அந்தத் தலைகீழைப் பாருங்கள். இரண்டாவது வீடியோவில் சீட்டு சரி, உள்ளே படம் படுத்திருக்கிறது. ஆகவே சீட்டைப் படிக்கும் லெப்டொப்பில் நேர், படிக்காத டீவியில் சரிவு. முதலாவதில் படம் சரி, சீட்டுத்தான் பிழை. டீவி சீட்டைக் கண்டுகொள்ளாததால் அங்கே சேர் நிமிர்ந்து நின்றார்.

சீட்டு ஏன் பிழைத்தது? அது என் கைவேலை. போன் எந்தப் பக்கம் மேலே என்பதைப் புவியீர்ப்பை வைத்துத்தான் அறிகிறது. நான் பதிவைத் தொடங்கும்போது மேசையில் இருந்த பூவுக்கு நேர் மேலே, போனைக் குறுக்காக, கெமரா கீழே பார்க்கப் பிடித்திருந்தேன். போன் மல்லாந்து கிடக்கும்போது நான்கு ஓரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கும், எது மேல் என்று அதற்குத் தெரியாது. கடைசியாக அறிந்ததை, அதாவது வகுப்புக்குள் வரும்போது நெடுக்காகப் பிடித்திருந்ததை, அப்படியே எழுதிவிட்டது. சீட்டு பதிவு தொடங்கும்போது ஒரு தரம்தான் எழுதப்படும். பிறகு நான் போனை நிமிர்த்தி 11 நிமிடமும் ஒழுங்காகப் பிடித்தும் அது மாறவில்லை. பூ, தட்டில் சாப்பாடு, மேசையில் கடிதம் என்று கீழே பார்த்து எடுக்கும் வீடியோக்கள் சரிந்து போவது இதனால்தான். முதலில் போனை நிமிர்த்திப் பிடித்து, திரையில் இருக்கும் ஐகன்கள் திரும்பியதைக் கண்ட பிறகு பட்டனை அழுத்துங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ffmpeg என்ற இலவச மென்பொருளை லெப்டொப்பில் போட்டு, அதோடு வரும் ffprobe இடம் கேட்டேன்:

```
ffprobe padam1.mp4
```

வந்த நீண்ட பதிலில் இரண்டே விசயம் போதும். ஒன்று 1920x1080 என்ற அளவு. மற்றது `displaymatrix: rotation of -90.00 degrees` என்ற வரி. அதுதான் சீட்டு. இரண்டு வீடியோவிலும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஆகவே எந்தச் சீட்டு பொய் சொல்கிறது என்பதை ffprobe சொல்லாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் வீடியோவுக்குப் பிழையான சீட்டைக் கழற்றினால் போதும்:

```
ffmpeg -display_rotation 0 -i padam1.mp4 -c copy padam1_neer.mp4
```

இங்கே `-c copy` என்பதுதான் உயிர். படத்தையும் ஒலியையும் தொடாதே, அப்படியே எடுத்துப் புதிய பைலில் வை என்று அர்த்தம். 1.4 ஜீபி பைல், சில செக்கன்களில் முடிந்தது, அளவும் கிட்டத்தட்ட அதேதான். சேரின் விரல் நுனியில் ஒட்டியிருந்த மகரந்தம் வரை ஒரு புள்ளியும் குறையவில்லை. இந்த `-display_rotation` 2023இல் வந்த 6.0 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாத கட்டளை என்று பிழை காட்டும்.

இரண்டாவது வீடியோவுக்கு இந்த வழி சரிவராது. அதன் சீட்டு ஏற்கனவே சரி. டீவிதான் படிக்கவில்லை, படிக்காதவரிடம் எத்தனை சீட்டைக் கொடுத்தும் என்ன பயன்? அங்கே படத்தையே திருப்பி எழுத வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் விரித்து, 90 பாகை திருப்பி, மறுபடியும் சுருக்கி எழுதுவது. விரிக்காமல் திருப்ப முடியாதா என்று தரம் 11 மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வீடியோவில் படம் சிறு சிறு சதுரங்களாக, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற ஒழுங்கில், பக்கத்துச் சதுரத்தையும் முந்திய காட்சியையும் பார்த்து "இது அதைப் போல, இவ்வளவு வித்தியாசம்" என்று எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அந்த ஒழுங்கு முழுக்க உடைந்துவிடும். ஆகவே திரும்ப எழுதத்தான் வேண்டும், எழுதும்போது கொஞ்சம் தரம் இழக்கத்தான் வேண்டும்.

இதில் நான் ஒரு தடவை சறுக்கினேன். இணையத்தில் எல்லோரும் சொல்வதுபோல `-vf transpose=1` என்று சேர்த்தேன். `transpose=1` என்றால் வலப்பக்கம் 90 பாகை திருப்பு. லெப்டொப் நெடுநேரம் உழைத்து முடித்தது. போட்டுப் பார்த்தால் சேர் இப்போது மறுபக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறார், அதுவும் லெப்டொப், டீவி இரண்டிலும்! காரணம், ffmpeg படத்தைத் திரும்ப எழுதும்போது தானே சீட்டைப் படித்துத் திருப்பிவிடுகிறது. நிமிர்ந்தவரை நான் இன்னொரு தரம் திருப்பிவிட்டேன். எதையும் சேர்க்காமல் விட்டிருந்தாலே போதும்:

```
ffmpeg -i padam2.mp4 -c:v libx264 -crf 18 -c:a copy padam2_tv.mp4
```

`transpose` தேவைப்படுவது சீட்டே இல்லாமல், உள்ளேயும் படுத்திருக்கும் வீடியோவுக்கு. `-crf` என்பது தரத்தின் அளவு, எண் குறையக் குறைய இழப்புக் குறையும், பைல் பெருக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் 23 எடுக்கும். 18 வைத்தால் மண்டபத்து டீவியில் பார்ப்பவர் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒலியை `-c:a copy` என்று தொடாமல் விட்டேன், அது சேரின் குரல். 4 நிமிட வீடியோவுக்கு என் பழைய லெப்டொப் 9 நிமிடம் எடுத்தது. 510 எம்பி இருந்தது 380 எம்பி ஆனது. மறுபடி ffprobe பார்த்தபோது அளவு 1080x1920, சீட்டு வரி இல்லை. டீவியில் சேர் நின்றார். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்ததைச் சிலர் குறையாகச் சொன்னீர்கள். நெடுக்காக எடுத்த படம் அகலத் திரையில் அப்படித்தான் நிற்கும்.

பிழைத்த கொப்பியை அழித்துவிட்டு மூலத்திலிருந்துதான் மறுபடி செய்தேன். திரும்ப எழுதிய கொப்பியை இன்னொரு தரம் திருப்பி எழுதினால் இழப்பின் மேல் இழப்பு. மூலம் லெப்டொப்பிலும் மாமியிடம் கொடுத்த பென்டிரைவிலும் தொடாமல் இருக்கிறது.

கொம்பியூட்டர் இல்லாதவர்கள் போனின் கெலரியில் எடிட் போய்த் திருப்பிச் சேமிக்கலாம். ஆனால் அது எந்த வகைத் திருப்பல் என்று போனுக்குப் போன் வேறுபடும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீண்ட வீடியோ கண்மூடித் திறப்பதற்குள் சேமிக்கப்பட்டு, அளவும் மாறாவிட்டால் சீட்டை மட்டும் மாற்றியிருக்கிறது. சதவீதம் ஓடி, நேரம் எடுத்து, அளவு மாறினால் திரும்ப எழுதியிருக்கிறது. வீ.எல்.சீ. பிளேயரில் திருப்புவது இரண்டிலும் சேராது. அது பார்க்கும் நேரத்துக்கு மட்டும், பைல் அப்படியே இருக்கும். அதில் திருப்பிவிட்டு "நேற்றுச் சரியாக்கினேனே" என்று வந்தவர்கள் இருவர்.

வட்ஸ்அப்பில் வழமைபோல வீடியோவாக அனுப்பினால் அது நன்றாகச் சுருக்கித் திரும்ப எழுதிவிடும். ஆகவே வட்ஸ்அப்பில் வந்ததை வைத்துத் திருத்தாதீர்கள். எடுத்தவரின் போனிலிருந்து கேபிளில் எடுங்கள், இல்லாவிட்டால் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சேரின் இரண்டு வீடியோவும் பாடசாலை நூலகத்துக் கொம்பியூட்டரில் போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் 4 ஜீபி இடமுள்ள பென்டிரைவோடு பாடசாலை நாட்களில் 2 மணிக்கு முதல் வாருங்கள். பழைய மாணவர்கள் யாரிடமாவது சேரின் வேறு வீடியோ சரிந்த நிலையில் இருந்தால் அதையும் திருத்தாமல் அப்படியே கொண்டு வாருங்கள், மாமி கேட்டுக்கொண்டிருக்கிறார்.