தொட்டிலைத் தாண்டிய பிள்ளைக்கு அறைதான் தொட்டில்



அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் இளம் தாய்மார்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அக்கா, பையன் தொட்டிலை விட்டு ஏறிக் குதிக்கிறான். கட்டிலுக்கு மாத்தலாமா?" ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, எங்கள் வீட்டில் செய்ததை முழுசா இங்கே எழுதிடலாம்னு நினைத்தோம். தொட்டில் என்று நாங்கள் சொல்வது புடவையில் கட்டுகிற ஏணை இல்லை. நாலு பக்கமும் கம்பி வைத்த மரத் தொட்டில்.

முதலில், நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயதைப் பார்க்காதீங்க, உயரத்தைப் பாருங்க. மெத்தையை ஆகக் கீழ்ப் படிக்கு இறக்கி, பிள்ளையை உள்ளே நிமிர்ந்து நிற்க வையுங்க. மேல்கம்பி அவன் நெஞ்சு உயரத்துக்கோ அதற்குக் கீழேயோ இருந்தால் தொட்டில் காலம் முடிந்தது. பிள்ளை சுமார் 90 செண்டிமீட்டர் வளர்ந்துவிட்டாலும் அதேதான். அதற்கு முன்னாலேயே ஒரு காலைத் தூக்கிக் கம்பிமேல் போட ஆரம்பித்துவிட்டால், அளவெல்லாம் பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். அதனால் கம்பியைத் தாண்டும்போது தலைதான் முதலில் கீழே வரும். நம்ம வீடுகளில் கீழே இருப்பது டைல்ஸ்.

எங்கள் சின்னவனுக்கு அப்போது 26 மாதம், உயரம் 88 செண்டிமீட்டர். அவன் ஏறியது வெறும் கம்பியில் இல்லை, போல்ஸ்டரை மூலையில் நிறுத்தி அதன்மேல் மிதித்துத்தான். போல்ஸ்டர், பெரிய பொம்மை, தலையணை எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அதில் இரண்டு வாரம் கிடைத்தது. அந்த இரண்டு வாரம் அறையைச் சரிசெய்யப் போதுமானதாக இருந்தது. தொட்டிலுக்கு மேலே வலை கட்டலாம் என்று சிலர் சொன்னாங்க. அது வேண்டவே வேண்டாம். பிள்ளை வலைக்கும் கம்பிக்கும் நடுவில் கழுத்து மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்து படுக்கை. பாட்டி, "என் கட்டில்ல படுக்கட்டும், சுத்தித் தலையணை வச்சிடலாம்"னு சொன்னாங்க. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் தூக்கத்தில் உருளுகிற பிள்ளையைத் தலையணை தடுக்காது, அவனோடு சேர்ந்து கீழே விழும். சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டிலில் இன்னொரு ஆபத்து உண்டு. நாளடைவில் மெத்தை கொஞ்சம் நகர்ந்து, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து வரும். பிள்ளையின் உடம்பு அதில் இறங்கித் தலை மாட்டிக்கொண்டால் கத்தக்கூட முடியாது. மெத்தைக்கு அடியில் சொருகுகிற கட்டில் தடுப்பிலும் இதே பிரச்சினை. இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு அதைப் போடாதீங்க. ஆன பிறகு போட்டாலும், தடுப்பைக் கையால் வெளிப்பக்கம் நல்லா தள்ளிப் பாருங்க. இடைவெளி திறந்தால் அது உதவாது. இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குள் கூடவே கூடாது.

அதனால் நாங்கள் கட்டிலே வாங்கவில்லை. கொஞ்சம் கெட்டியான மெத்தையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் போட்டோம். உயரம் 12 செண்டிமீட்டர்தான். உருண்டால் உருளட்டும். ஒன்றை மட்டும் கவனிக்கணும்: நம்ம ஊர் ஈரப்பதத்தில் தரை மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். பிள்ளை அறையில் இல்லாத நேரம் பார்த்து அதை நிமிர்த்திக் காயவிட்டு, அவன் வருவதற்குள் திரும்பப் படுக்கப் போட்டுவிடுவோம். நிமிர்த்திய மெத்தை பிள்ளைமேல் சாயக்கூடாது இல்லையா.

இதெல்லாம் சுலபமான பாதிதான். தொட்டிலில் இருந்தவரை கம்பி அவனைக் காத்தது. இனிமேல் நடுராத்திரி மூன்று மணிக்கு, நாம் எல்லாரும் தூங்கும்போது, அவன் எழுந்து நடப்பான். அவனுக்கு இனி அந்த அறைதான் தொட்டில். எனவே ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் அவன் உயரத்துக்கு மண்டியிட்டு அறையைச் சுற்றி வந்தோம்.

எங்கள் வீவக வீட்டில் அவன் பாட்டியோடு ஒரே அறை. முதலில் கண்ணில் பட்டது பாட்டியின் சின்ன மேசை: பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தைலக் குப்பி. பெரியவர்களின் ஒன்றிரண்டு மாத்திரையே சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. தைலத்தைக் குடித்தாலும் அப்படித்தான். எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்ப் பூட்டுக்குள் இருக்கிறது. பாட்டிக்கு ராத்திரி தைலம் வேணும்னா எங்களைக் கூப்பிடுவாங்க.

அடுத்தது இழுப்பறை அலமாரி. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இழுப்பறைகள் படிக்கட்டு. இரண்டைத் திறந்து மிதித்தால் போதும், அலமாரி அப்படியே அவன்மேல் சாயும். ஒட்டுநாடா தாங்காது. சுவரில் துளைபோட்டு, உலோகப் பட்டையால் திருகி இறுக்கினோம். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யுங்க. அது முடியவில்லை என்றால் அலமாரியை அந்த அறையிலிருந்து வெளியே எடுங்க.

மூன்றாவது ஜன்னல். மெத்தை, நாற்காலி, பெட்டி எதுவும் ஜன்னலுக்குக் கீழே இருக்கக்கூடாது. இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டினோம், தீப்பிடித்தால் உடனே திறக்கணுமே. ஜன்னல் திரையின் கயிறு வளையமாகத் தொங்கினால் கழுத்தில் மாட்டும். அதைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிட்டோம்.

கடைசியாகக் கதவு. வெளியிலிருந்து பூட்டக்கூடாது. தீ என்றால் பிள்ளையும் பாட்டியும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். நாங்கள் வாசலில் தடுப்புக் கேட் போட்டோம். பாட்டி கழிவறைக்குப் போகும்போது ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று அவங்களையே கடையில் திறந்து பார்க்கச் சொல்லித்தான் வாங்கினோம். ஆனால் தொட்டிலை ஏறியவன் ஒருநாள் கேட்டையும் ஏறுவான். ஆகவே அதை மட்டும் நம்பவில்லை. குளியலறைக் கதவுக்கு உயரத்தில் கொக்கி. ராத்திரி வாளியில் தண்ணீர் நிற்காது, ஒரு சாண் தண்ணீரே ஆபத்து. அடுப்பு எரிவாயு மூடியிருக்கும், வீட்டு வாசல் பூட்டியிருக்கும்.

முதல் ராத்திரி அவன் 11 தடவை எழுந்து வந்தான். திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் "தூங்கற நேரம்" என்று மட்டும் சொல்லிப் படுக்க வைத்தோம். ஐந்தாம் ராத்திரி நாலு தடவை. பத்தாம் ராத்திரிக்குள் ஒன்றோ இரண்டோதான். நடுவில் ஒரே ஒரு தடவை விளையாட விட்டால்கூட மறுநாள் எண்ணிக்கை ஏறிவிடும். பழைய போர்வையும் அந்தக் கரடி பொம்மையும் மாறாமல் கூடவே இருந்தது உதவியது.

இந்த வேலையெல்லாம் முடிவதற்குள் உங்கள் பிள்ளை தொட்டிலிலிருந்து விழுந்துவிட்டால் இதைக் கவனிங்க: நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கில் தண்ணீர் மாதிரி வடிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, உடனே கூப்பிடுங்க.

உங்கள் வீட்டு அறை அமைப்பு வேறு மாதிரி இருந்தால் கீழே எழுதுங்க, சேர்ந்து யோசிக்கலாம்.