336 சதுர அடி மாட்டுக் கொட்டகைக்கு 630 சதுர அடி தகடு எதற்கு?

உடுமலைப்பேட்டைப் பக்கம் நான்கு கறவை மாடுகளும் இரண்டு கன்றுகளும் வைத்திருக்கிற ஒரு பெண் விவசாயி, புதுக் கொட்டகைக்காக நகையை அடகு வைத்துப் பணம் எடுத்திருந்தார். அவர் கையில் இருந்தது நோட்டுத் தாளில் பேனாவால் போட்ட ஒரு படம்தான். நீளம் 24 அடி, அகலம் 14 அடி, சுற்றிலும் 3 அடி செங்கல் சுவர், பக்கத்துக்கு 4 இரும்புத் தூண், மேலே இரண்டு பக்கச் சரிவாகத் தகடு. தகடு போட்டுத் தரும் பட்டறைக்காரர் படத்தைப் பார்த்ததும் 24-ஐ 14-ஆல் பெருக்கி, ‘336 சதுர அடி’ என்று எழுதி, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிட்டார்.

கையில் இருப்பதற்கு மேல் ஒரு மூட்டை சிமென்ட் கூட வாங்க முடியாத நிலைமை. அதனால் ஊரிலேயே மூத்த கொத்தனாரை அழைத்து உட்கார வைத்தார். “ஏனுங்ணா, 336 அடின்னு எழுதியிருக்காங்க. சரியாத்தானுங்க இருக்கும்?” என்று கேட்டார். “அது தரைக் கணக்கு அம்மிணி. மாடு நிக்கிற இடத்துக்குச் சரி. கூரைக்கு ஆகாது, மண்ணுக்குள்ள போறதும் அதுல வராது” என்றார் கொத்தனார். அன்று மத்தியானம் முழுக்க இருவரும் படத்தை வரி வரியாகப் பொருளாக்கினார்கள்.

அளவு உள்ளேயா, வெளியேயா?

கொத்தனார் முதலில் கேட்டது இதைத்தான். 24-க்கு 14 என்பது சுவரின் வெளிப்பக்க அளவு என்றால், 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் போக உள்ளே கிடைப்பது 22½-க்கு 12½ அடி. நீளத்தில் மாட்டுக்கு 4 அடி வீதம் 16 அடி போனால், கன்றுகளுக்கு 6½ அடி மிச்சம். அகலத்தில் தீவனத் தொட்டிக்கு 2½ அடி, மாடு நிற்க 5½ அடி, மூத்திர வாய்க்கால் 1 அடி, பின்னால் நடைபாதை 3½ அடி. கூட்டினால் 12½ சரியாக வருகிறது. தொட்டி நீளவாட்டுச் சுவரை ஒட்டி இருப்பதால் தீவனத்தை வெளியில் நின்றே போடலாம். ஆகவே வெளி அளவு என்றே முடிவானது.

செங்கல்

நான்கு சுவரையும் மூலைக்கு மூலை இரண்டு முறை எண்ணாமல் இருக்க, சுவரின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். நீளம் 23¼, அகலம் 13¼. இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 73 அடி. நடைபாதையின் இரு முனையிலும் 4 அடி வழி விட்டால் சுவர் 65 அடி. தரை நிலத்தைவிட அரை அடி உயரம். அந்த அரை அடிக்கு 73 அடி நீளமும், அதற்கு மேல் 3 அடிக்கு 65 அடி நீளமும் கட்ட, சுவர் முகம் சுமார் 232 சதுர அடி. 9 அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 10 கல் என்பது கொத்தனார்கள் பிடிக்கும் கணக்கு. அதன்படி 2,320 கல். தொட்டியின் உள்சுவருக்கு 175. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 2,620. வாங்க வேண்டியது 2,650.

பட்டறைக்காரர் எழுதியிருந்ததும் ஏறக்குறைய இதே அளவுதான். அவர் வெளிச்சுற்றை அளந்ததில் கல் கூடியது, வழியைக் கழிக்காததில் இன்னும் கூடியது, தொட்டியையும் உடைசலையும் மறந்ததில் குறைந்தது. ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. செங்கல் கணக்கில் பெரும்பாலும் இப்படித்தான் பெரிய அடி விழாது. அடி விழுவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில்: தலைக்கு மேலே, காலுக்குக் கீழே.

கூரை

சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க நான்கு பக்கமும் 2 அடி வெளியே நீள வேண்டும். அப்போதே கூரை 28-க்கு 18 அடி ஆகிவிட்டது. நடுவில் 3 அடி உயர்த்திச் சரிவு கொடுத்தால், ஒரு பக்கத்தில் 9 அடி தூரத்தைச் சரிவாகக் கடக்க 9 அடி 9½ அங்குலம் வேண்டும். அதாவது 10 அடித் தகடு.

அடுத்தது எத்தனை தகடு என்பது. கடையில் தகட்டின் அகலம் 3½ அடி என்பார்கள். 28-ஐ 3½-ஆல் வகுத்தால் 8 வருகிறது. ஆனால் ஒரு தகட்டின் ஓரம் பக்கத்துத் தகட்டின் மேல் ஏறி உட்காரும். அது போக ஒரு தகடு மூடுவது சுமார் 1 மீட்டர்தான். 28 அடி என்பது 8½ மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக ஒரு பக்கத்துக்கு 9, இரண்டு பக்கத்துக்கு 18 தகடு. காசு கொடுப்பது முழு அகலத்துக்கு என்பதால் 18 தகடு × 10 அடி × 3½ அடி, மொத்தம் 630 சதுர அடி. தரைக் கணக்கு 336. மீதி 294 சதுர அடியும் முதல் விலையில் சேராமல், பாதி வேலையில் ‘கூடுதல்’ என்று வந்திருக்கும்.

சட்டத்தைக் குழாயின் நீளத்திலிருந்து பார்க்க வேண்டும். சதுரக் குழாய் 6 மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம். சரிவுக்கட்டை இரண்டும் ஒரே குழாயில் மயிரிழை மிச்சத்தோடு அடங்குகின்றன. குறுக்குக் கட்டை 14 அடிக்கு ஒரு குழாய். அதில் மிஞ்சும் துண்டு நடுக்காலுக்கு ஆகும். தூணுக்கு ஒன்றாக நான்கு சட்டங்கள், சாய்வுத் தாங்கிகள், தூண் தலைகளை நீளவாட்டில் கோக்கும் இணைப்பு எல்லாம் சேர்த்து 2 அங்குலச் சதுரக் குழாய் 13. தகட்டைத் தாங்கும் நீளக் கட்டைகள் பக்கத்துக்கு 4, ஒவ்வொன்றும் 28 அடி. ஒரு முழுக் குழாயோடு 8 அடி 4 அங்குலத் துண்டு ஒன்று ஒட்ட வேண்டும். ஒரு குழாயில் அப்படி இரண்டு துண்டு கிடைக்கும். ஆக 12 குழாய்.

மண்ணுக்குள் போவது

போன ஆடியில் அவருடைய பழைய கொட்டகையின் கூரை, இரண்டு தூண்களைப் பிடுங்கிக்கொண்டு வரப்பில் போய் விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் இது புதிதல்ல. பக்கம் திறந்த கொட்டகைக்குள் புகும் காற்று கூரையைக் கீழே அழுத்துவதை விட மேலே தூக்குகிறது. தகடு லேசானது, தூக்கினால் எழும்பும்.

கட்டடங்களுக்கான காற்றுச் சுமை விதியான ஐ.எஸ். 875 கோயம்புத்தூருக்குக் காட்டும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர அடிக்குச் சுமார் 8½ கிலோ. இந்தக் கூரையை 8 தூண்களுக்குப் பங்கிட்டால் ஒரு தூணுக்கு 63 சதுர அடி. மோசமான நேரத்தில் ஒவ்வொரு தூணையும் அரை டன்னுக்கு மேல் காற்று மேலே இழுக்கும். ஒரு அடிக் குழி தோண்டி, தூணை நட்டு, சுற்றிக் கொஞ்சம் கலவை கொட்டினால் அந்தக் கான்கிரீட்டின் எடை 100 கிலோவைத் தொட்டாலே அதிகம். பட்டறைப் பட்டியலில் தூண்களுக்கென்று 4 மூட்டை சிமென்ட்தான் இருந்தது.

கொத்தனார் சொன்ன முறை: ஒவ்வொரு தூணுக்கும் 3 அடி ஆழக் குழி, அடியில் 2-க்கு 2 அடி அளவில் ஒரு அடி கனத்துக்குக் கான்கிரீட், அதன் மேல் ஒரு அடிச் சதுரத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் கால். கால் தரைக்கு மேல் ஒரு அடி எழும்ப வேண்டும். தூணுக்கு 7½ கன அடி. எடை 500 கிலோ. அடித்தளத்தின் மேல் மூடும் மண்ணும் பிணைந்து நிற்கும் சுவரும் சேர்ந்தால் காற்றுக்கு ஈடாகும்.

“தூணையே குழிக்குள்ள இறக்கினா இன்னும் பலமில்லீங்களா?” என்று கேட்டார் அவர். “மூத்திரமும் சாணியும் படுற இடத்துல இரும்பு நின்னா, தரை மட்டத்துலதான் மொதல்ல அரிக்கும் அம்மிணி. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், கீழ தட்டினா பொருபொருன்னு உதிரும்” என்றார் கொத்தனார். காலின் தலையில் நான்கு போல்ட் புதைத்து, தூணின் அடித்தகட்டை அதில் முடுக்கினால் இரும்பு ஈரத்துக்கு மேலேயே நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. மண்ணில் இறக்கினால் தூண் 11½ அடி வேண்டும். ஒரு குழாயில் ஒரு தூண்தான், 8 குழாய் வாங்கி ஒவ்வொன்றிலும் 8 அடி வீணாகும். கான்கிரீட் கால் மேல் நிறுத்தினால் தூண் 8 அடி. ஒரு குழாயில் இரண்டு, 4 குழாயில் வேலை முடிந்தது. மிச்சமாகும் 4 குழாயின் விலை கூடுதல் சிமென்டில் ஒரு பகுதியை ஈடு செய்யும்.

முடிவாக எழுதிய பட்டியல்

- செங்கல்: 2,650
- அடித்தளக் கருங்கல்: 1¾ யூனிட் (ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழ வாய்க்காலில் கீழ் அரை அடி கான்கிரீட் போக)
- சிமென்ட்: 55 மூட்டை. தரைக்கு 14½, தூண் கால்களுக்கு 13½, கருங்கல்லுக்கு 8, செங்கல்லுக்கு 7, அடித்தளக் கான்கிரீட்டுக்கு 5½, பூச்சுக்கும் தொட்டிக்கும் 6½
- எம்-சாண்ட்: 2¼ யூனிட்
- முக்கால் ஜல்லி: 1¼ யூனிட், ஒன்றரை ஜல்லி: ½ யூனிட்
- தரைக்கு அடியில் கிராவல்: 1½ யூனிட்
- 10 மி.மீ. கம்பி: 40 அடி நீளத்தில் 7, வளையத்துக்குத் தனிக் கம்பி
- 3 அங்குலச் சதுரக் குழாய் (தூண்): 4
- 2 அங்குலச் சதுரக் குழாய் (சட்டம்): 13
- 3-க்கு 1½ அங்குலக் குழாய் (நீளக் கட்டை): 12
- அடித்தகடு: 8, புதைக்கும் போல்ட்: 32
- 10 அடித் தகடு: 18, முகட்டுத் தகடு: 10 அடியில் 3
- ரப்பர் வாசர் வைத்த திருகு: 350

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியிலிருந்து கொட்டும் முன்பே டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது. கொட்டிய பிறகு குவியலை யாராலும் சரியாக அளக்க முடியாது. சிமென்டை இரண்டு தவணையாக இறக்க வேண்டும். அடித்தளமும் கால்களும் முடிந்து, சுவர் எழும்பி, தரை போடும் நாள் வரை பல நாள் ஆகும். அதுவரை மாட்டுக் கொட்டகை ஈரத்தில் கிடக்கும் மூட்டை கட்டிபட்டுப் போகும்.

இந்தப் பட்டியல் கெட்டியான செம்மண் நிலத்துக்குப் போட்டது. கரிசல் மண்ணாக இருந்தால் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அங்கே குழியும் அடித்தள வாய்க்காலும் இன்னும் ஆழமாகப் போக வேண்டும், கல்லும் சிமென்டும் அதற்கேற்பக் கூடும். 28 அடி நீளம், 18 அடி அகலம் என்ற கூரை அளவு மாறாதவரை மேலே உள்ள எண்கள் மாறாது.

தகட்டை மட்டும் பட்டியல் பார்த்து முன்கூட்டியே வெட்டச் சொல்லக் கூடாது என்று கொத்தனார் கறாராகச் சொன்னார். சட்டம் நின்ற பிறகு, முகட்டிலிருந்து ஓரம் வரை இரண்டு முனையிலும் நடுவிலும் டேப் பிடித்துப் பார்த்து, மூன்று அளவும் ஒன்றாக வந்தால்தான் ஆர்டர். பற்றவைப்பில் இரண்டு அங்குலம் விலகினால் குழாயை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். குட்டையாக வெட்டி வந்த 18 தகட்டை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.